81,000 ரூபாய்ப் பிழையை மேலாளருக்கு எப்படி எழுதுவது?

அலுவலகத்தில் ஒரு தவறு செய்துவிட்டோம். மேலாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது கை முதலில் மன்னிப்பைத்தான் எழுதும், அடுத்து வேலைப்பளுவை எழுதும். என்ன நடந்தது என்பது ஐந்தாவது வரியிலோ ஆறாவது வரியிலோ மெல்ல எட்டிப்பார்க்கும். எழுதியவருக்கு மனப்பாரம் இறங்கியிருக்கும். படித்தவருக்கோ அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. அப்படியொரு கடிதத்தைத் திருத்தி எழுதுவது எப்படி என்று, கணக்குப் பிரிவில் அடிக்கடி நேரக்கூடிய ஒரு பிழையை வைத்துப் பார்ப்போம். ஆட்களும் தொகையும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வரி விதிகளும் தேதிகளும் நடைமுறையில் உள்ளவை.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய நிறுவனம். கணக்கு பார்க்கும் பெண், ஆகஸ்ட் மாத விற்பனைக்கான ஜிஎஸ்டி ஆர்-1 படிவத்தைக் கெடு நாளான செப்டம்பர் 11 அன்று தாக்கல் செய்கிறார். மொத்தம் 38 பில். அதில் 214-ஆம் எண் பில் மதுரை வாடிக்கையாளருடையது. பொருளின் மதிப்பு 4,50,000 ரூபாய், 18 சதவீத வரி 81,000 ரூபாய். அந்தப் பில்லை அவர் சேலத்தில் உள்ள இன்னொரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் பதிந்துவிட்டார். இரண்டு நிறுவனங்களின் பெயரும் ஒரே மாதிரி தொடங்குபவை. இரண்டு எண்ணும் தமிழ்நாட்டுக்குரிய 33-இல் தொடங்குபவை. பதினைந்து எழுத்தும் இலக்கமும் கொண்ட எண்ணில் கண் ஏமாறுவது எளிது.

14-ஆம் தேதி, வாங்குவோருக்கான 2பி பட்டியல் போர்ட்டலில் வருகிறது. விற்றவர்கள் தாக்கல் செய்த பில்கள் அதில்தான் தெரியும். 2022 ஜனவரியிலிருந்து, இந்தப் பட்டியலில் வராத பில்லுக்கு வாங்கியவர் வரி வரவு எடுக்க முடியாது. ஆகவே 15-ஆம் தேதி காலை 10 மணிக்கு மதுரையிலிருந்து போன் வருகிறது. “உங்க பில் எங்க 2பி-ல இல்லையே மேடம். 81,000 நாங்க கையிலிருந்து கட்டணுமா? பணம் தரும்போது அதை நிறுத்திவச்சுட்டுத்தான் தருவோம்.”

அவர் போனை வைத்ததும் எழுதிய முதல் கடிதம் இது.

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். மிகுந்த மனவருத்தத்துடன் இதை எழுதுகிறேன். கடந்த வாரம் ரிட்டர்ன் வேலையும் வங்கிக் கணக்கை ஒப்பிடும் வேலையும் ஒன்றாக வந்ததால் வேலைப்பளு மிக அதிகமாக இருந்தது. தாக்கல் செய்த அன்று இணையமும் அடிக்கடி துண்டித்துப்போனது. இந்தச் சூழ்நிலையில் மதுரை பார்ட்டியின் பில் ஒன்று தவறான எண்ணில் ஏறிவிட்டது. இரண்டு பார்ட்டிகளின் பெயரும் ஒன்றுபோல இருப்பதால் யாராக இருந்தாலும் இப்படி நேர்ந்திருக்கும். ஆனாலும் இது என்னுடைய பெரிய கவனக்குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதுரை பார்ட்டி மிகவும் கோபமாக இருக்கிறார்கள். ஆறு வருட வேலையில் இதுவரை இப்படி நடந்ததே இல்லை. முடிந்தவரை விரைவில் சரிசெய்துவிடுகிறேன். இனி இப்படி நடக்காது. தயவுகூர்ந்து மன்னிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர் நேர்மையானவர் என்பதும் தெரிகிறது. ஆனாலும் இதைப் படிக்கும் மேலாளர் உடனே போனை எடுப்பார். எந்தப் பில்? எவ்வளவு தொகை? நமக்கு அபராதம் வருமா? வேறு பில்களிலும் இப்படி இருக்கிறதா? எப்போது சரியாகும்? நான் யாரிடமாவது பேச வேண்டுமா? கடிதம் வந்த பிறகும் ஆறு கேள்வி கேட்க வேண்டியிருந்தால், அந்தக் கடிதம் எழுதப்படாததற்குச் சமம். பிழையைத் தெரிவிக்கும் எந்தக் கடிதத்தையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். மேலாளர் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் கடிதத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள்.

திருத்தி எழுதும் வேலை பேனாவில் தொடங்குவதில்லை என்பது இங்கே புரியும். அந்தக் கேள்விகளுக்கான பதில் அவரிடமே இன்னும் இல்லை. விவரம் கையில் இல்லாத இடத்தைத்தான் வருத்தமும் பணிவும் நிரப்பிக்கொள்கின்றன. எனவே முதலில் மேலாளருக்கு இரண்டு வரிச் செய்தி மட்டும் போகட்டும்: “சார், மதுரை பில் ஒன்று அவர்கள் 2பி-யில் வரவில்லை என்று போன் வந்தது. ஆர்-1-இல் நான் எண்ணைத் தவறாகப் பதிந்திருப்பதுபோல் தெரிகிறது. சரிபார்த்துப் பிற்பகல் 2 மணிக்குள் முழு விவரம் தருகிறேன்.” மதுரைக்காரர் நேராக மேலாளருக்கே போன் செய்தால் அவர் திகைத்து நிற்க மாட்டார். இவருக்கும் நான்கு மணி நேரம் கிடைக்கிறது.

அந்த நான்கு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பிழை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்ப்பது. மற்ற 37 பில்களின் அச்சுப் பிரதியை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஜிஎஸ்டி எண்ணையும் தொகையையும் போர்ட்டலில் தாக்கலான பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அனுபவமுள்ள எந்த மேலாளரும் முதலில் கேட்பது “வேற எதுலயாவது இருக்கா?” என்றுதான். அதற்குப் பதில் இல்லாத கடிதம், எவ்வளவு பணிவாக எழுதப்பட்டிருந்தாலும், அவருக்கு நிம்மதி தராது.

இரண்டாவது, காரணத்தைக் கண்டுபிடிப்பது. “கவனக்குறைவு” என்பது காரணம் ஆகாது. அது நம்மை நாமே திட்டிக்கொள்ளும் பேச்சு. உண்மையில் என்ன நடந்தது? அவர் ஜிஎஸ்டி எண்ணைப் பில்லைப் பார்த்துப் பதியவில்லை. வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, எண் எல்லாம் இருக்கும் எக்செல் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டினார். பட்டியல் அகரவரிசையில் இருப்பதால், ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு நிறுவனங்களும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. எண்ணைப் பதிந்ததும் போர்ட்டல் நிறுவனத்தின் பெயரைக் காட்டத்தான் செய்தது. பெயரின் முன்பாதி பொருந்தியதால் அவர் அடுத்த பில்லுக்குப் போய்விட்டார். இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்த பிறகுதான் தடுக்கும் வழியும் தெரியும்: எண்ணைப் பில்லிலிருந்தே எடுக்க வேண்டும், தாக்கலுக்கு முன் இன்னொருவர் எண்களை மட்டும் பில்களோடு ஒருமுறை ஒத்துப்பார்க்க வேண்டும். “கவனக்குறைவு” என்று நின்றிருந்தால், “இனி கவனமாக இருப்பேன்” என்பதைத் தவிர வேறு தீர்வு பிறந்திருக்காது.

மூன்றாவது, தீர்வு உண்மையிலேயே நடக்கக்கூடியதா என்று உறுதிசெய்வது. நல்ல ஊழியர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தீர்வோடு போக வேண்டும் என்ற அவசரத்தில், சரிபார்க்காத தீர்வை எழுதிவிடுவார்கள். நம் கணக்காளருக்கு 1ஏ படிவம் நினைவுக்கு வருகிறது. 2024-இல் வந்த வசதி அது. ஆர்-1-ஐத் தாக்கல் செய்த பிறகும், அந்த மாதத்துக்கான 3பி-யைத் தாக்கல் செய்வதற்கு முன்பு, விடுபட்டதைச் சேர்க்கலாம், தொகையைத் திருத்தலாம். 3பி-க்கு 20-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. “1ஏ மூலம் இரண்டு நாளில் சரிசெய்துவிடுகிறேன்” என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கும்! ஆனால் ஆடிட்டரைக் கேட்டால் அவர் சொல்வார்: வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணை 1ஏ-வில் மாற்ற முடியாது. அடுத்த மாத ஆர்-1-இல், 9ஏ என்ற திருத்த அட்டவணையில்தான் மாற்ற முடியும். அதை அக்டோபர் 11-க்குள் தாக்கல் செய்தால், அக்டோபர் 14 அன்று மதுரைக்காரரின் 2பி-யில் பில் வரும்.

கேட்காமல் எழுதியிருந்தால், முதல் பிழையை ஒப்புக்கொள்ளும் கடிதத்திலேயே இரண்டாவது பிழை ஏறியிருக்கும். மேலாளர் அதை நம்பி மதுரைக்காரரிடம் இரண்டு நாள் என்று வாக்குக் கொடுத்திருப்பார். தீர்வை எழுதும் வரியில் “யாரிடம் கேட்டேன்” என்று குறிப்பிடுவது நல்லது. அந்தத் தீர்வை எவ்வளவு நம்பலாம் என்பது மேலாளருக்கு அதிலிருந்து தெரியும்.

ஆடிட்டர் இன்னொன்றும் சொல்வார். விற்றவர் கட்ட வேண்டிய மொத்த வரி இதனால் மாறவில்லை, பில் வேறொருவர் பெயரில் போயிருக்கிறது, அவ்வளவுதான். எனவே நிறுவனத்துக்கு வட்டியோ தாமதக் கட்டணமோ இல்லை. சேலத்துக்காரரின் 2பி-யில் அவருக்குச் சேராத 81,000 ரூபாய் நிற்கும். அதை அவர் வரவாக எடுத்துவிடாமல் இருக்க இன்றே சொல்லிவிட வேண்டும்.

இப்போது பேனாவை எடுக்கலாம்.

“பொருள்: ஆகஸ்ட் ஆர்-1-இல் பில் 214 தவறான ஜிஎஸ்டி எண்ணில் பதிவு. செப்டம்பர் 17-க்குள் தங்கள் முடிவு தேவை.

ஐயா,

செப்டம்பர் 11 அன்று நான் தாக்கல் செய்த ஆகஸ்ட் ஆர்-1-இல், மதுரை வாடிக்கையாளரின் பில் 214-ஐ (மதிப்பு ரூ.4,50,000, வரி ரூ.81,000) சேலம் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் பதிந்துவிட்டேன். இன்று காலை மதுரையிலிருந்து போன் வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

மதுரை வாடிக்கையாளர் இந்த மாதம் ரூ.81,000 வரவு எடுக்க முடியாது. நமக்குத் தர வேண்டியதில் அந்தத் தொகையை நிறுத்திவைப்பதாகச் சொல்கிறார்கள். நாம் கட்டும் வரி மாறவில்லை. வட்டி, தாமதக் கட்டணம் இல்லை என்று ஆடிட்டர் உறுதிசெய்தார். ஆகஸ்டின் மற்ற 37 பில்களையும் ஒப்பிட்டேன், பிழை இல்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை இன்னும் பார்க்கவில்லை. 18-க்குள் பார்த்துச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி எண்ணை 1ஏ-வில் திருத்த முடியாது. செப்டம்பர் ஆர்-1-இல் 9ஏ அட்டவணையில் திருத்தி, அக்டோபர் 11-க்குள் தாக்கல் செய்கிறேன். அக்டோபர் 14 அன்று மதுரையின் 2பி-யில் வரும். சேலம் வாடிக்கையாளரிடம் இந்த வரவை எடுக்க வேண்டாம் என்று பேசிவிட்டேன், மின்னஞ்சலும் அனுப்பியுள்ளேன்.

ஜிஎஸ்டி எண்ணைப் பில்லிலிருந்து எடுக்காமல் எக்செல் பட்டியலிலிருந்து எடுத்ததே காரணம். இந்த மாதம் முதல் பில்லிலிருந்தே பதிவேன். தாக்கலுக்கு முன் எண்களை ஸ்டோர்ஸ் உதவியாளர் ஒருமுறை ஒப்பிட ஏற்பாடு செய்ய அனுமதி வேண்டும்.

தங்கள் முடிவு தேவைப்படுவது: மதுரை வாடிக்கையாளர் ரூ.81,000-ஐ அக்டோபர் 14 வரை நிறுத்திவைக்க நாம் ஒப்புக்கொள்ளலாமா? ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தாங்கள் சரி என்றால், திருத்தம் செய்யும் தேதியைக் குறிப்பிட்டு அவர்களுக்குக் கடிதம் அனுப்புகிறேன்.

இந்தப் பிழைக்கு வருந்துகிறேன்.”

முதல் கடிதத்தைவிட இது நீளம். சுருக்கமாக எழுது என்றால் சொல் எண்ணிக்கையைக் குறை என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். மேலாளருக்குப் பயன்படாத சொல்லைத்தான் குறைக்க வேண்டும். முதல் கடிதத்திலிருந்து என்னென்ன போயிற்று என்று பாருங்கள். வேலைப்பளு, இணையத் துண்டிப்பு, ஆறு வருட நற்பெயர், “யாராக இருந்தாலும்” என்ற வாதம் ஆகியவை போய்விட்டன. இணையம் துண்டித்ததற்கும் தவறான எண்ணுக்கும் தொடர்பு இருந்திருந்தால் அது காரணத்தில் இடம்பெற வேண்டியதுதான். இங்கே தொடர்பு இல்லை. வேலைப்பளு உண்மையாகவே தாங்க முடியாததாக இருந்தால் அதைத் தனியாக, வேறொரு நாளில், வேலைப் பட்டியலோடு எடுத்துச் சொல்லலாம். பிழைக் கடிதத்துக்குள் வைத்தால் அது சாக்காகவே படிக்கப்படும். உண்மையான குறை ஒன்று கவனிக்கப்படாமலே போய்விடும்.

“கோபமாக இருக்கிறார்கள்” என்பதும் போய், அந்த இடத்தில் அவர்கள் சொன்னதும் தொகையும் வந்திருக்கின்றன. கோபத்தை வைத்து மேலாளர் எந்த முடிவும் எடுக்க முடியாது. 81,000 ரூபாய் ஒரு மாதம் தாமதமாக வரும் என்றால், அதை வைத்து அந்த மாதக் கொடுக்கல் வாங்கலைத் திட்டமிடுவார்.

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். தமிழில் செய்தவரே இல்லாமல் வாக்கியம் அமைப்பது மிக எளிது. ஏறிவிட்டது, விடுபட்டுப்போனது, நேர்ந்துவிட்டது என்று எழுதினால் பில் தானாக நடந்துபோய்ச் சேலத்தில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். “நான் பதிந்துவிட்டேன்” என்று ஒருமுறை, முதல் பத்தியிலேயே எழுதினால் பொறுப்பேற்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து இடத்தில் “என் தவறுதான்” என்று சொல்லத் தேவையில்லை. வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரி கடைசியில் இருக்கட்டும். நம் அலுவலகங்களில் அது அறவே இல்லையென்றால் கடிதம் திமிராகத் தோன்றும். மன்றாடலாக நீண்டால், மேலாளர் பில்லை விட்டுவிட்டு ஊழியருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்கு வருவார்.

இந்தக் கடிதத்தில் எழுதியவருக்குச் சாதகமில்லாத இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று, வாடிக்கையாளர் சொல்லித்தான் பிழை தெரிந்தது என்பது. மற்றது, முந்தைய மாதங்களை இன்னும் பார்க்கவில்லை என்பது. சுருக்கம் என்ற பெயரில் முதலில் வெட்டத் தோன்றுவது இவற்றைத்தான். இவை கட்டாயம் இருக்க வேண்டும். நாமே கண்டுபிடித்தோமா, வெளியார் சொல்லித் தெரிந்ததா என்பதை வைத்துத்தான், நம் சரிபார்ப்பு வேலைசெய்கிறதா என்று மேலாளர் எடைபோடுவார். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று தேதியோடு எழுதினால், பார்த்தேன் என்று எழுதிய வரிகளுக்கும் மதிப்பு கூடும்.

இந்த வரிகளை வெட்டினால் என்ன ஆகும்? கடிதம் இப்படிச் சுருங்கும்: “ஆகஸ்ட் ரிட்டர்னில் ஒரு பில்லில் ஏற்பட்ட சிறு பதிவுப் பிழை அக்டோபர் தாக்கலில் சரிசெய்யப்படும்.” இதுவும் உண்மைதான். சுருக்கமாகவும் இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. ஆனால் மேலாளர் இதைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து 81,000 ரூபாய் குறைவாகப் பணம் வரும்போது, தன்னிடம் மறைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். அந்த எண்ணம் நியாயமானதே. என் பார்வையில், முதல் அழுகைக் கடிதத்தைவிட இது மோசமானது. “சிறு”, “தொழில்நுட்ப”, “பதிவு நிலை” போன்ற அடைமொழிகளை எழுதியவர் சேர்க்கக் கூடாது. தொகையும் தேதியும் இருந்தால், சிறிதா பெரிதா என்று படிப்பவரே முடிவு செய்வார். அதே காரணத்துக்காகப் “பெரும் தவறு” என்றும் எழுத வேண்டாம். இந்தக் கடிதம் முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் அப்படியே அனுப்பப்படலாம். நடந்தது தெரியாத ஒருவர் அந்த அடைமொழியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்.

முடிவு கேட்கும் பத்தியைப் பற்றியும் ஒரு சொல். “தாங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்” என்று முடித்தால் பிழையோடு சேர்த்து வேலையும் மேலாளர் தலையில் விழும். தானே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு அறிவித்தால் அதிகாரத்தை மீறியதாகும். பணத்தை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்வது ஊழியர் கையில் இல்லை, ஆர்-1-ஐத் திருத்துவது அவர் கையில் இருக்கிறது. தன் கையில் உள்ளதற்குத் தேதி கொடுத்து, மேலாளர் கையில் உள்ளதை ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்டு, தன் கருத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

எல்லாப் பிழைக்கும் இந்த வடிவம் பொருந்தாது. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால், பணம் காணாமல் போயிருந்தால், யாரோ வேண்டுமென்றே செய்ததாகச் சந்தேகம் இருந்தால், காரணத்தையும் தீர்வையும் ஒரு ஊழியர் தனியாக எழுதிவிடக் கூடாது. கண்டதை, கண்ட நேரத்தோடு மட்டும் எழுத வேண்டும். காரணம் விசாரணையில் வரட்டும். அடுத்தவர் பிழையும் கலந்திருக்கும்போதும் அப்படித்தான்: அவர் என்ன செய்தார் என்று ஆவணத்தில் தெரிவதை எழுதலாம், ஏன் செய்தார் என்று நாம் எழுதக் கூடாது.

கடைசியாக, நேரம். சரியான சொற்களைத் தேடி இந்தக் கடிதத்தை நாலு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர்கள் உண்டு. நம் எடுத்துக்காட்டில் அந்த நாலு நாளுக்குள் சேலத்துக்காரர் தன் 3பி-யைத் தாக்கல் செய்து, தனக்குச் சேராத 81,000 ரூபாயை எடுத்திருக்கக்கூடும். பிறகு அதை அவர் திருப்ப வேண்டும், வட்டிப் பேச்சும் வரலாம். ஒரு மாதத் தாமதமாக முடிய வேண்டியது மூன்று நிறுவனங்களின் வழக்காக மாறும். ஆர்-1-இல் செய்த பிழையைத் திருத்த, அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரையோ, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலாகும் வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த நாள் கடந்த பிறகு போர்ட்டலில் திருத்த வழி இல்லை.